இலவசச் சட்டைக்கும் விலை உண்டு

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். 1200 ரூபாய்ச் சட்டையோடு 800 ரூபாய்ச் சட்டையும் கிடைக்கிறது, கொடுப்பது 1200. பில்லில் இரண்டாவதற்குப் பூஜ்யம் என்று போட்டுவிட்டால், திருப்பிக் கொடுக்கும்போது சிக்கல். முதல் சட்டையைத் திருப்பினால் முழுப் பணமும் போகும், இன்னொன்று சும்மா தங்கிவிடும். இரண்டாவதைத் திருப்பினால் வாடிக்கையாளருக்கு ஒன்றும் கிடைக்காது.

அதனால் பல கடைகளின் மென்பொருள், 800 ரூபாய்த் தள்ளுபடியை விலை விகிதப்படி இரண்டு வரிசைகளுக்கும் பிரிக்கிறது. முதல் சட்டை 720, இரண்டாவது 480. சிறியதைத் திருப்பினால் 480 ரூபாய் திரும்பும். இதுதான் நியாயம்.

வரியும் இதே வழியில் போகும். 2019 மார்ச்சில் மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, இத்தகைய சலுகையில் இரண்டாவது பொருளை இலவசமாகக் கருதவில்லை. ஒரே விலைக்கு இரண்டு பொருள்கள் விற்கப்படுவதாகவே பார்க்கிறது. விலையில் 5 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருந்தால் 1200-க்குள் வரி 57.14 ரூபாய். பிரித்தால் 34.29, 22.86, கூட்டினால் ஒரு பைசா அதிகம். நல்ல மென்பொருள் அந்தப் பைசாவைக் கடைசி வரிசையில் கழித்து, மொத்தத்தை நேர்செய்துவிடும்.

பில்லில் ஒரு வரிசை பூஜ்யமாக இருந்தால், திருப்பும் விதியைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.