ஆறு இன்ச் ஃபிளாஞ்ச் ஆறு மில்லிமீட்டர் ஆவது எப்படி?

கோவை குறிச்சி சிட்கோ பக்கம் லேசர் கட்டிங் செய்யும் ஒரு சின்னப் பட்டறை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு பம்ப் கம்பெனிக்கு ஃபிளாஞ்ச் வெட்டித் தர ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளி விட்டம் 6 இன்ச், நடுவே 3 இன்ச் துளை, அதைச் சுற்றி அரை இன்ச் போல்ட் துளைகள் எட்டு, தடிமன் அரை இன்ச். வாங்குபவர் அனுப்புவது .step கோப்பு. லேசர் மெஷினுக்கு வேண்டியது .dxf. இடையில் ஒரு டிசைன் ஆபீஸ் அதை .dwg ஆக்குகிறது. பழைய சாஃப்ட்வேர் வைத்திருக்கும் இன்னொருவர் .igs கேட்கிறார். ஒவ்வொரு கை மாறும்போதும் யாரோ ஒருவர் ‘சேவ் ஆஸ்’ அழுத்துகிறார். தகடு தப்பாக வெட்டப்படுவதற்கான வித்து பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

இந்த நான்கில் டிடபிள்யூஜி ஆட்டோகேடின் சொந்தக் கோப்பு, பைனரியில் இருக்கும். மற்ற சாஃப்ட்வேர்களும் படிக்கட்டும் என்று ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982இல் எழுத்து வடிவில் கொடுத்தது டிஎக்ஸ்எஃப். ஐஜெஸ் 1980இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டது. ஸ்டெப் அதற்குப் பிறகு, 1994இல் ஐஎஸ்ஓ 10303 என்ற உலகத் தரமாக வந்தது. நடைமுறையில் முதல் இரண்டும் தட்டையான வரைபடத்துக்கு, பின் இரண்டும் முப்பரிமாணப் பொருளுக்கு. டிடபிள்யூஜியைத் தவிர மற்ற மூன்றும் பொதுவாக எழுத்துக் கோப்புகளாகவே வரும் என்பதால் நோட்பேடில் திறந்து பார்க்கலாம். இதைச் செய்பவர்கள் குறைவு. ஆனால் சந்தேகம் வந்தால் இதைவிட நம்பகமான வழி கிடையாது.

முதலில் அளவைப் பார்ப்போம். கேட் கோப்புக்குள் நீளம் வெறும் எண்ணாக மட்டுமே இருக்கிறது. நம் ஃபிளாஞ்சின் வெளி வட்டத்துக்கு ஆரம் 3.0 என்றுதான் எழுதியிருக்கும். அது 3 இன்ச்சா, 3 மில்லிமீட்டரா என்பது வேறொரு இடத்தில், ஒரே ஒரு வரியில் இருக்கிறது. டிஎக்ஸ்எஃப் கோப்பின் தலைப்பகுதியில் அது இப்படித் தெரியும்:

```
  9
$INSUNITS
 70
     1
```

கடைசி எண்தான் விஷயம். 1 என்றால் இன்ச், 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர். 0 என்றால் அலகே சொல்லவில்லை என்று பொருள். ஆட்டோகேட் 2000க்கு முந்தைய வடிவங்களில் இந்த வரியே இல்லை. இன்றும் பல பட்டறைகளில் ‘பழைய மெஷினும் படிக்கும்’ என்று ஆர்12 டிஎக்ஸ்எஃப் கேட்கிறார்கள். அந்த வடிவத்தில் சேமித்தால் அலகு தொலைந்துவிடும். லேசர் சாஃப்ட்வேர் எண்ணை மில்லிமீட்டராகவே எடுத்துக்கொண்டால், 152.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஃபிளாஞ்ச் திரையில் 6 மில்லிமீட்டர் பொட்டாக வந்து நிற்கும்.

அதை யாரும் வெட்ட மாட்டார்கள், பார்த்த உடனே தெரிந்துவிடும். வில்லங்கம் அதைச் சரிசெய்யும் விதத்தில் இருக்கிறது. டிசைன் ஆபீஸ்காரர் ஆட்டோகேடில் `SCALE` போட்டு 25.4ஆல் பெருக்குகிறார். இப்போது விட்டம் 152.4, சரிதான். ஆனால் `$INSUNITS` இன்னும் 1 என்றே இருக்கிறது. அந்தக் கோப்பை வேறொருவர் தன் மில்லிமீட்டர் வரைபடத்துக்குள் பிளாக்காக நுழைக்கும்போது, ஆட்டோகேட் ‘இது இன்ச்’ என்று நம்பித் தானாகவே இன்னொரு முறை 25.4ஆல் பெருக்கும். ஃபிளாஞ்ச் 3,871 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

`UNITS` கட்டளையில் போய் இன்ச்சை மில்லிமீட்டர் என்று மாற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அது பெயரைத்தான் மாற்றும், கோட்டைத் தொடாது. `-DWGUNITS` கட்டளை அலகை மாற்றும்போதே படத்தையும் அதற்கேற்பப் பெருக்கவா என்று கேட்கும். கையால் செய்வதானால் `SCALE` போட்ட கையோடு `INSUNITS` மதிப்பையும் 4 ஆக்கிவிட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வது எதையும் செய்யாமல் விடுவதைவிட மோசம், ஏனென்றால் பார்க்கச் சரியாகத் தெரியும்.

இதைவிட நைசாக ஏமாற்றும் தவறு ஒன்று உண்டு. முப்பரிமாண மாடலிலிருந்து டிராயிங் ஷீட் போட்டு, அந்த ஷீட்டை டிஎக்ஸ்எஃப் ஆக்குவது பலரின் வழக்கம். ஷீட்டில் அந்தப் படம் 1:2 அளவில் இருந்தால், கோப்பிலும் பாதி அளவே போய்விடலாம். 76.2 மில்லிமீட்டர் துளை 38.1 ஆகும். 25.4 மடங்குத் தவறு போல இது கண்ணில் குத்தாது, 38 மில்லிமீட்டர் துளையும் நம்பக்கூடிய துளைதானே. தகட்டு வேலைக்கு ஷீட்டை விட்டுவிட்டு மாடலின் தட்டையான முகத்தைத் தேர்ந்தெடுத்து நேராக டிஎக்ஸ்எஃப் ஆக்குவதுதான் என் கட்சி.

ஸ்டெப்பில் அலகு பற்றிய கவலை குறைவு. கோப்புக்குள்ளேயே இப்படி ஒரு வரி இருக்கும்:

```
#15=(LENGTH_UNIT()NAMED_UNIT(*)SI_UNIT(.MILLI.,.METRE.));
```

இன்ச் கோப்பு என்றால் `CONVERSION_BASED_UNIT('INCH'` என்று தொடங்கும் வரியும், 25.4 போன்ற மாற்று எண்ணும் இருக்கும். ஐஜெஸ்ஸில் தலைப்பகுதியின் 14ஆவது மதிப்பு அலகைச் சொல்கிறது, அதில் 1 இன்ச், 2 மில்லிமீட்டர். அடுத்த மதிப்பு அதையே எழுத்தில் `4HINCH` அல்லது `2HMM` என்று சொல்லும். எண் ஒன்றும் எழுத்து வேறொன்றும் சொன்னால் அனுப்பியவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

அளவு சரி, இனி உருவம். 3 இன்ச் துளை மாடலில் சுத்தமான வட்டம். டிஎக்ஸ்எஃப்பில் அது `CIRCLE` என்று ஒரு மையம், ஓர் ஆரத்தோடு போக வேண்டும். சில மாற்றுக் கருவிகள் அதைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைத்துவிடுகின்றன. ஆர்12 வடிவத்தில் நீள்வட்டத்துக்கும் ஸ்ப்ளைன் வளைவுக்கும் இடமே இல்லை என்பதால், அவை அங்கே எப்படியும் துண்டுகளாகத்தான் போகும்.

துண்டானால் என்ன ஆகும் என்று நம் துளையிலேயே பார்க்கலாம். 76.2 மில்லிமீட்டர் வட்டத்தை 36 துண்டாக உடைத்தால், ஒவ்வொரு கோடும் சுமார் 6.6 மில்லிமீட்டர் நீளம். கோடுகளின் முனைகள் வட்டத்தின் மேல் இருக்கும், நடுப்பகுதி உள்ளே இறங்கும். எதிரெதிர்க் கோடுகளுக்கு இடையே அளந்தால் 75.91 மில்லிமீட்டர்தான் வரும். அந்தத் துளைக்குள் 76.1 மில்லிமீட்டர் ஸ்பிகாட் உட்கார வேண்டுமென்றால் உட்காராது. திரையில் பெரிதாக்கிப் பார்க்காதவரை வட்டம் போலவே தெரியும். லேசரும் ஒவ்வொரு முனையிலும் வேகம் குறைத்துத் திரும்புவதால் வெட்டு விளிம்பில் தழும்பு விழும்.

கண்டுபிடிக்க எளிய வழி, துளையின் மேல் கிளிக் செய்து `LIST` கொடுப்பது. `CIRCLE` என்று வந்தால் நிம்மதி. `LINE`, `LINE`, `LINE` என்று வந்தால், அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் மூலக் கோப்புக்குப் போய் 2000 அல்லது அதற்குப் பிந்தைய டிஎக்ஸ்எஃப்பாக மறுபடி எடுக்க வேண்டும். உடைந்த கோடுகளை வட்டமாக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவை போடுவது ஊகித்த வட்டம்.

ஐஜெஸ்ஸில் வரும் கோளாறு வேறு மாதிரி. அதில் பொருள் பெரும்பாலும் தனித்தனி மேற்பரப்புகளாகப் போகும். ஃபிளாஞ்சின் மேல் முகம் ஒன்று, கீழ் முகம் ஒன்று, துளையின் உள்சுவர் ஒன்று என்று, வெட்டி வைத்து இன்னும் தைக்காத சட்டைத் துணி மாதிரி. எந்த விளிம்பு எதோடு சேர வேண்டும் என்று கோப்பு சொல்வதில்லை. வாங்கும் சாஃப்ட்வேர்தான் பக்கத்துப் பக்கத்து விளிம்புகளைத் தேடித் தைக்கிறது. இடைவெளி அதன் வரம்புக்குள் இருந்தால் திடப்பொருள் கிடைக்கும். ஒரே ஓர் இடத்தில் அதிகமானாலும் கிடைப்பது உள்ளீடற்ற கூடு. ஸ்டெப்பில் இரண்டு முகங்களும் ஒரே விளிம்பைப் பெயர் சொல்லிப் பகிர்ந்துகொள்வதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. `MANIFOLD_SOLID_BREP` என்ற சொல் ஸ்டெப் கோப்பில் இருந்தால், அனுப்பியது திடப்பொருளாகத்தான் அனுப்பப்பட்டிருக்கிறது.

கையில் ஐஜெஸ் மட்டும்தான் இருக்கிறது, தைக்கவும் மறுக்கிறது என்றால், தையல் வரம்பைக் கொஞ்சம் தளர்த்தலாம், 0.01 மில்லிமீட்டர் மாதிரி. அதிகம் தளர்த்தினால் சின்ன சாம்ஃபர் முகங்கள் நசுங்கிக் காணாமல் போகும். ஐஜெஸ்ஸிலும் திடப்பொருளாக அனுப்ப 186 என்ற வகை உண்டு. அனுப்புபவரின் சாஃப்ட்வேரில் அந்த விருப்பத்தை டிக் செய்து மறுபடி அனுப்பச் சொல்வது தையலோடு மல்லுக்கட்டுவதைவிட மேல்.

எந்த வழியில் மாற்றினாலும் மாடலை உருவாக்கிய படிகள், அதாவது எந்த ஸ்கெட்ச்சிலிருந்து எந்தத் துளை வந்தது என்ற வரலாறு, ஸ்டெப்பிலோ ஐஜெஸ்ஸிலோ வராது. துளை அளவை மாற்ற வேண்டியிருக்கும் என்றால் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

மாற்றிய பிறகு சரிபார்க்க நான் நம்புவது கொள்ளளவும் பரப்பும். நம் ஃபிளாஞ்சுக்குக் கணக்குப் போட்டால் தட்டையான முகத்தின் பரப்பு 12,667.7 சதுர மில்லிமீட்டர். அதை 12.7ஆல் பெருக்கினால் கொள்ளளவு சுமார் 1,60,880 கன மில்லிமீட்டர், இரும்பில் சுமார் 1.26 கிலோ. ஸ்டெப்பையோ ஐஜெஸ்ஸையோ திறந்து கொள்ளளவு பார்த்தால் இந்த எண் வர வேண்டும். பதிலே வரவில்லை என்றால் அது தைக்கப்படாத கூடு. பதில் வந்து, அது 16,387 மடங்கு தப்பாக இருந்தால் இன்ச்–மில்லிமீட்டர் குழப்பம், ஏனென்றால் 25.4ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது அந்த எண்தான்.

டிஎக்ஸ்எஃப்பில் இதே வேலையை `REGION` செய்யும். வெளி வட்டத்தையும் ஒன்பது துளைகளையும் தேர்ந்தெடுத்து `REGION` கொடுத்தால், மூடாத விளிம்பு எதுவாக இருந்தாலும் அதை ஏற்க மறுத்துவிடும், ஆகவே இடைவெளி எங்கே என்று அப்போதே தெரியும். பிறகு `SUBTRACT`, அதன் பிறகு `MASSPROP`. நடுத்துளை மட்டும் 36 கோடுகளாக உடைந்திருந்தால் பரப்பு 12,690.8 என்று 23 சதுர மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். 0.2 சதவீதத்துக்கும் குறைவான இந்த வித்தியாசம் படத்தில் கண்ணுக்குத் தெரியாது, எண்ணில் தெரிந்துவிடும்.

ஆகவே ஸ்டெப் கோப்பை அனுப்பும்போது மெயிலில் மூன்று விஷயங்களையும் எழுதிவிடச் சொல்லுங்கள்: அலகு, பொருளின் மூன்று பக்க வெளி அளவு, கொள்ளளவு. நம் ஃபிளாஞ்சுக்கு ‘இன்ச், 6 × 6 × 0.5; 9.8175 கன இன்ச்’ என்று ஒரு வரி போதும். கூடவே பரிமாணம் போட்ட ஒரு பிடிஎஃப் வேண்டும், போல்ட் துளைகளின் இருப்பிடத்தை ஒத்துப்பார்க்க. துளைகளை இடம் மாற்றி வைத்தாலும் பரப்போ கொள்ளளவோ மாறாது என்பதால், அந்த ஒரு தவறை மட்டும் மேலே சொன்ன கணக்கு எதுவும் காட்டிக் கொடுக்காது.