கூடுதல் பிடியும் கடன்தான்

ஸ்பேட்ஸ் ஆட்டத்தில் இருவர் கூட்டணி சொன்ன பிடிகளை எடுத்தால், பிடிக்கு 10 புள்ளி. 5 சொல்லி 7 எடுத்தால் 52. மேலே வந்த அந்த இரண்டும்தான் ‘மணல் மூட்டை’. இலவசம்போல் தெரியும், 10 மூட்டை சேர்ந்ததும் 100 புள்ளி போய்விடும். அதனால் கேட்பு நிறைந்ததும், தேவையில்லாத பெரிய சீட்டை எதிராளியின் அதைவிடப் பெரிய சீட்டுக்குக் கீழே போட்டுக் கழிப்பார்கள்.

ஆனால் எப்போதும் ஒதுங்குவது கோழைத்தனம். மொத்தப் பிடிகள் 13. நீங்கள் 5, எதிரணி 7 என்றால் கூட்டுத்தொகை 12. ஒரே பிடிதான் உதிரி. நீங்கள் 7 எடுத்தால் அவர்களுக்கு 6தான் மிஞ்சும். வரவேண்டிய 70 போய், 70 கழியும்: 140 புள்ளி வித்தியாசம். உங்களிடம் ஏற்கெனவே 8 மூட்டை இருந்து, இந்த இரண்டால் 100 இழந்தாலும் லாபமே.

அவர்கள் 4 மட்டும் சொல்லியிருந்தால் கதை வேறு. கவிழ்க்க நீங்கள் 10 பிடிக்க வேண்டும். கிடைப்பது 80 வித்தியாசம், சேர்வது ஐந்து மூட்டை. அங்கே ஒதுங்கிவிடுங்கள். முதல் சீட்டு விழுமுன் இரு கேட்புகளையும் கூட்டிப் பாருங்கள்: 12, 13 என்றால் கவிழ்க்கப் பாருங்கள்.