மகனைக் காட்டப் போன அம்மா

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன். வகுப்பில் எழுந்து எழுந்து நடக்கிறான், டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துகிறான், பென்சில் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வருகிறான். பள்ளியில் சொன்னதன் பேரில் அம்மா அவனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகிறார். மருத்துவர் அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பதில் சொல்லிக்கொண்டிருந்த அம்மா ஒரு கட்டத்தில் நிறுத்தி, “டாக்டர், இதெல்லாம் எனக்கும் இருக்கே?” என்கிறார்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு - மிகை இயக்கக் குறைபாடு பெரும்பாலும் மரபுவழி வருவது. அதனால் பிள்ளைக்காக வந்த இடத்தில் பெற்றோரின் பாதிப்பும் வெளிப்படுவது மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். இங்கே வரும் அம்மா, அப்படிப்பட்டவர்களின் சாயலில் வரைந்துகொண்ட ஒருவர். வயது 36, கணக்குப் பிரிவில் வேலை.

ஓட்டம் உள்ளே போய்விடுகிறது

பையனுடைய துறுதுறுப்பு எல்லோர் கண்ணிலும் படுகிறது. அம்மா நாற்காலியை விட்டு எழுவதில்லை. ஆனால் மீட்டிங்கில் மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மனதுக்குள் நாலு பேச்சு ஒரே நேரத்தில் ஓடும். பையன் வரிசையில் முண்டியடிப்பான். அம்மா பிறர் பேச்சை வெட்டிப் பேசுவார், யோசிக்காமல் ஆன்லைனில் ஆர்டர் போடுவார். பையன் வீட்டுப்பாடத்தைப் பாதியில் விடுவான். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய், அங்கே கிடைத்த மின்கட்டண ரசீதைப் பார்த்துப் பணம் கட்டப் போனை எடுத்து, அதில் வந்திருந்த மெசேஜுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். பால் பொங்கி வழிந்திருக்கும், பில்லும் கட்டியிருக்க மாட்டார்.

வயது ஏற ஏற உடல் துள்ளல் தணிவது உண்டு. கவனச் சிதறலும், ஒரு வேலையைத் தொடங்க முடியாத திணறலும், நேரத்தைக் கணிக்கத் தெரியாமையும் அவ்வளவு எளிதில் தணிவதில்லை. அதே நேரம், பிடித்த வேலையில் இறங்கினால் பசிகூடத் தெரியாமல் மணிக்கணக்கில் உட்காருவார்கள். ‘கவனிக்க முடியாதவளா இவள்?’ என்று வீட்டார் கேட்பது இதனால்தான். கவனம் இல்லாததல்ல இங்கே சிக்கல். தேவையான இடத்துக்கு அதைத் திருப்ப முடியாமல் போவதே.

சின்ன வயதில் ஏன் பிடிபடவில்லை

ஜன்னலோரம் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை வகுப்பைத் தொந்தரவு செய்யவில்லை. யாரும் புகார் சொல்லவில்லை. பெண்களிடம் கவனக்குறைவே மேலோங்கியிருப்பது அதிகம் என்பதால் இப்படித் தப்பிப்போகிறவர்களும் அவர்களில்தான் அதிகம். கொஞ்சம் புத்திசாலியாக இருந்துவிட்டால், பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்தே மார்க் வாங்கிவிடலாம்.

கட்டடத்துக்குச் சாரம் கட்டியதுபோல் சுற்றிலும் ஆட்கள் தாங்கிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். பையை எடுத்துவைத்தது அம்மா, நேரத்தைச் சொன்னது பள்ளி மணி. கல்யாணம், வேலை, குழந்தை என்று வந்த பிறகு அந்தச் சாரம் போய்விடுகிறது. இப்போது இன்னொருவருக்குச் சாரமாக நிற்க வேண்டியவர் அவரே.

மருத்துவ உலகமும் தாமதித்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2013இல்தான் 12 வயது எனத் தளர்ந்தது. கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளில் பிள்ளைகளுக்கு 6 வேண்டும். 17 வயது நிறைந்தவர்களுக்கு 5 போதும் என்றும் அப்போது மாறியது.

இதற்கிடையே நம் அம்மா மருத்துவரையே பார்க்காதவரும் அல்ல. தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். தப்பான சிகிச்சை என்று சொல்ல முடியாது. ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்தே இருப்பது சகஜம். சிகிச்சை அதோடு நின்றுவிட்டது என்பதே குறை.

பழைய ரேங்க் கார்டு எதற்கு?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டித் தராது. விரிவாகப் பேசித்தான் கண்டறிய வேண்டும். ஆகவே மருத்துவர் இந்த அம்மாவிடம் பழைய ரேங்க் கார்டுகளைத் தேடிப்பார்க்கச் சொல்கிறார். அவருடைய தாயாரிடமும் பேசுகிறார். ‘கேர்லெஸ் மிஸ்டேக்ஸ்’ என்று ஐந்தாம் வகுப்பில் டீச்சர் எழுதிய குறிப்பு, “பஸ் பாஸை எத்தனை தடவை தொலைச்சா தெரியுமா” என்ற பாட்டியின் பேச்சு - இவைதான் சாட்சி. வீடு, அலுவலகம் என இரண்டு இடத்திலாவது சிக்கல் தெரிய வேண்டும்.

சின்ன வயதில் சுவடே இல்லாமல் முப்பதுக்கு மேல் திடீரென்று கவனம் சிதறத் தொடங்கினால், காரணம் பெரும்பாலும் வேறு. தைராய்டு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். செல்போனில் ரீல்ஸ் பார்த்துப் பொழுது போவதை வைத்து மட்டும் ஏ.டி.எச்.டி. என்ற முடிவுக்கு வர முடியாது.

மாத்திரை பற்றி

மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பெரியவர்களுக்கும் பலன் தருகின்றன. கூடவே நாளைத் திட்டமிடும் பயிற்சியும் வேண்டும். மருந்தைத் தொடங்குமுன் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இதய நோய் வரலாறு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மகனுக்கு எழுதிக் கொடுத்ததில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்க்கலாமே என்று மட்டும் தோன்றக் கூடாது. இவ்வகை மருந்து ஏ.டி.எச்.டி. இல்லாதவருக்கும் கொஞ்சம் விழிப்பைக் கூட்டும் என்பதால், ‘போட்டதும் தெளிவாக இருந்தது’ என்பது நோயறிதலுக்கு ஆதாரமாகாது.