காபி மேக்கர் மெதுவானால் குழாயைக் கவனியுங்கள்

மின்சாரக் காபி மேக்கர் மெதுவாக வடிக்க ஆரம்பித்தால் முதல் பழி பொடியின் மேல்தான் விழும். பொடி மிக நைஸாக இருந்தால் தண்ணீர் தேங்கும் என்பதும் உண்மையே. ஆனால் எது காரணம் என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பொடியும் வடிதாளும் போடாமல் ஒரு லிட்டர் வெறும் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். 25 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை 95 டிகிரிக்குச் சூடாக்க, 1000 வாட் மெஷினுக்குக் கணக்குப்படி சுமார் 5 நிமிடம் போதும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 7, 8 நிமிடம் ஆகலாம். பொடியே இல்லாதபோதும் 15 நிமிடத்துக்கு மேல் இழுத்தால், கோளாறு மெஷினின் அடியில் இருக்கும் சுடுகுழாயில் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம்.

இந்த மெஷினில் தண்ணீரை மேலேற்ற மோட்டாரோ பம்போ கிடையாது. தொட்டியிலிருந்து தண்ணீர் ஒருவழி வால்வு மூலம் கீழே இறங்கி, வளைந்த அலுமினியக் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாயோடு ஒட்டினாற்போல் சூடேற்றும் கம்பி ஓடுகிறது. தண்ணீர் கொதித்து, ஆவிக் குமிழிகள் எழுந்து, அவை தமக்கு மேலிருக்கும் சுடுநீரைத் தள்ளிக்கொண்டு மேலேறி, காபிப் பொடியின் மேல் கொட்டுகின்றன. கொதிப்புதான் இங்கே பம்ப். நம் பித்தளை, எவர்சில்வர் பில்டருக்கு இப்படிக் குழாயே இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை.

கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக, பிரிந்து குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. துவாரம் குறுகுவது ஒரு கெடுதல். அதைவிடப் பெரிய கெடுதல், சூடு தண்ணீருக்குப் போகாமல் தடைபடுவது. சுண்ணாம்பு சூட்டைக் கடத்தும் திறன், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளாததால் குழாயின் உலோகம் அளவுக்கு மீறிக் காய்கிறது. உடனே தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆறியதும் மறுபடி இணைக்கிறது. சற்று ஓடி, நின்று, மறுபடி ஓடும் மெஷினில் நடப்பது இதுதான். ஆவியும் சீறலும் கூடி, காபி மட்டும் குறைவாக இறங்குவது இன்னொரு அடையாளம்.

எவ்வளவு சுண்ணாம்பு சேரும்? கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 600 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எனவே 300 என்பது அசாதாரண அளவல்ல. தினம் ஒரு லிட்டர் என்றால் 30 நாளில் 9 கிராம் இந்தக் குழாய் வழியே போகிறது. அதில் ஒரு பகுதிதான் படியும். ஆனாலும் சுண்டுவிரல்கூட நுழையாத குழாய்க்கு அது அதிகம்.

இதைக் கரைக்க, எலுமிச்சை உப்பு என்று கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலமே எனக்குப் பிடித்த மருந்து. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 கிராம், அதாவது சுமார் 4 டீஸ்பூன், கலக்குங்கள். தொட்டிக்குள் கரி வடிகட்டி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். கரைசலை ஊற்றி மெஷினை ஓட்டி, இரண்டு கப் இறங்கியதும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பலர் தவறவிடுவது இந்த இடைவெளியைத்தான். நிறுத்தாமல் ஓடவிட்டால், சுண்ணாம்பைத் தின்ன அமிலத்துக்கு நேரமில்லாமல் போய்விடும். பிறகு மீதியையும் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். வெள்ளைத் துகள்கள் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அடுத்து இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் ஓட்டி அலசுங்கள். சமையல் வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்தும் இதைச் செய்யலாம். வாடை போக இன்னும் ஒருமுறை அலச வேண்டியிருக்கும். இரண்டிலும் சமையல் சோடாவைச் சேர்க்காதீர்கள். நுரைதான் பொங்கும், அமிலம் செத்துவிடும்.

முடிந்ததும் மறுபடி ஒரு லிட்டர் தண்ணீர், மறுபடி கடிகாரம். 18 நிமிடம் 11 ஆகக் குறைந்திருந்தால் இன்னொரு முறை புதுக் கரைசல் ஊற்றுங்கள். பழைய வேகம் திரும்பியதும் அந்த நேரத்தை மெஷினின் அடியில் எழுதி ஒட்டிவைத்து, அதிலிருந்து 2 நிமிடம் கூடும்போது அடுத்த சுத்தம் செய்தால் போதும். போர்வெல் தண்ணீருக்கு மாதம் ஒருமுறை வரலாம்; ஆர்.ஓ. தண்ணீருக்கு மிக அபூர்வம்.

இரண்டு முறை செய்தும் நேரம் குறையவே இல்லை என்றால் வால்வோ தெர்மோஸ்டாட்டோ பழுதாகியிருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அவசரப்பட்டுக் கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது சுண்ணாம்போடு அலுமினியக் குழாயையும் சேர்த்து அரித்துவிடும்.