கடல்நீரில் ஒரு சிட்டிகை அமோனியம் குளோரைட்டு

உயர்தர இரசாயனம் படிக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யும் வரி ஒன்று உண்டு: மூன்றாம் கூட்டக் கற்றயன்களை வீழ்த்த, முதலில் அமோனியம் குளோரைட்டு, பிறகு அமோனியாக் கரைசல். ஏன் அந்த ஒழுங்கு என்று கேட்டால் பலரிடம் பதில் வராது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பதிலைக் காட்டித்தரக் கடலே போதும். கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 1.3 கிராம், அதாவது 0.05 மூல் மகனீசியம் கரைந்திருக்கிறது.

மணல் போக வடித்த கடல்நீரை இரண்டு சோதனைக்குழாய்களில் 10 மில்லிலீற்றர் வீதம் எடுங்கள். ஒன்றில் மட்டும் அரை கிராம் அமோனியம் குளோரைட்டைப் போட்டு நன்றாகக் கரையுங்கள். பிறகு இரண்டிலும் ஐதான அமோனியாவைப் பத்துத் துளி விடுங்கள். உப்புச் சேராத குழாய் வெண்மையாகக் கலங்கும். அது மகனீசியம் ஐதரொட்சைட்டு. மற்றக் குழாய் தெளிவாகவே இருக்கும்.

அமோனியா ஒரு மென்மூலம். நீரோடு சேர்ந்து அமோனியம் அயனையும் ஐதரொட்சைட்டு அயனையும் தருகிறது. அவை திரும்பவும் சேர்ந்து அமோனியாவாகின்றன.

NH₃ + H₂O ⇌ NH₄⁺ + OH⁻

நாம் விட்ட பத்துத் துளியால் குழாயில் லீற்றருக்கு 0.1 மூல் அளவில் அமோனியா வருகிறது. அதிலிருந்து கிடைக்கும் ஐதரொட்சைட்டு சுமார் 0.0013 மூல். கடல்நீரிலுள்ள அளவு மகனீசியத்தை வீழ்த்த 0.00001 மூலே போதும். எல்லையைப் பல மடங்கு தாண்டிவிட்டதால் கலங்கல் தோன்றுகிறது.

அரை கிராம் அமோனியம் குளோரைட்டு, லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மூல் அமோனியம் அயனைக் கொண்டுவருகிறது. வலப்பக்கத்தில் அமோனியம் இவ்வளவு கூடியதும் சமநிலை இடப்பக்கம் நகர்கிறது. ஐதரொட்சைட்டு 0.0000018 மூலுக்கு இறங்குகிறது. எல்லையின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மகனீசியம் கரைசலிலேயே நின்றுவிடுகிறது. இதுதான் பொது அயன் விளைவு.

வேலை செய்தது குளோரைட்டு அல்ல என்பதற்கும் முதற்குழாயே சாட்சி. கடல்நீரில் குளோரைட்டு ஏற்கெனவே நிறைய உண்டு. இருந்தும் அது கலங்கியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மகனீசியம் வீழும்போது அமோனியம் அயனும் உண்டாகிறது. ஆகவே முதற்குழாயில்கூட வீழ்படிதல் தன்னைத்தானே தடுத்து, மகனீசியம் முழுவதும் வெளியேறுமுன்பே நின்றுவிடும்.

இனி இரண்டாம் குழாயில் பெரிக்குக் குளோரைட்டு இரண்டொரு துளி விடுங்கள். செங்கபில நிறத்தில் கூழ்போன்ற வீழ்படிவு உடனே வரும். பெரிக்கு இரும்புக்கும் அலுமினியத்துக்கும் தேவைப்படும் ஐதரொட்சைட்டு, தூய நீரில் உள்ளதைவிடவும் குறைவு. அடக்கி வைத்த அந்தச் சிறு அளவே அவற்றுக்கு ஏராளம். வடித்தெடுத்தால் இரும்பு தாளில் தங்கும், மகனீசியம் கீழே இறங்கிவிடும். அது உண்மையில் இறங்கியதா என்று பார்க்க, வடிந்த திரவத்தில் சோடியம் ஐதரொட்சைட்டை மிகையாகச் சேர்த்து, அமோனியா மணம் போகும்வரை காற்றோட்டமான இடத்தில் கொதிக்க வையுங்கள். அமோனியம் நீங்கியதும் வெண்படிவு வெளிப்படும்.

அளவில் கஞ்சத்தனம் காட்டினால் பிரிப்பு கெடும். அமோனியம் லீற்றருக்கு 0.17 மூலுக்குக் குறைந்தால் மேற்சொன்ன குழாயில் மகனீசியமும் வீழத் தொடங்கும். அமோனியாவை அள்ளி ஊற்றுவதும் தவறு. விகிதம் மாறுவதோடு அலுமினியம் ஐதரொட்சைட்டும் சிறிது கரைந்துவிடும். கலக்கிய பின்னும் மெல்லிய மணம் நின்றால் நிறுத்திவிடலாம்.

அமோனியம் சல்பேற்றை மாற்றாகப் பயன்படுத்த முடியாது. பேரியம் இருந்தால் சல்பேற்றாக இங்கேயே வீழ்ந்து, ஐந்தாம் கூட்டத்தில் கிடைக்காமல் போகும். நெடுநாள் திறந்து மூடிய அமோனியாப் போத்தலும் அதே தொல்லையைத் தரும். காற்றின் காபனீரொட்சைட்டை உறிஞ்சிய கரைசலிலுள்ள காபனேற்று, பேரியத்தையும் கல்சியத்தையும் வெண்படிவாக்கி அலுமினியம்போல் ஏமாற்றும்.

இரும்பு பெரசு நிலையில் இருந்தால் இந்த முறையில் முழுமையாக வீழாது. இரண்டாம் கூட்டத்தில் செலுத்திய ஐதரசன் சல்பைட்டு பெரிக்கு இரும்பையும் அந்நிலைக்குத் தாழ்த்திவிடும். அதனால்தான் வாயுவைக் கொதிக்க வைத்து வெளியேற்றி, செறிந்த நைத்திரிக்கமிலம் சில துளி சேர்த்துச் சூடாக்கிய பிறகே அமோனியம் குளோரைட்டைத் தொடுகிறோம்.

மங்கனீசும் மகனீசியத்தைப் போலவே கரைசலில் தங்கும். ஆனால் குழாயை அப்படியே வைத்துவிட்டால் காற்றிலுள்ள ஒட்சிசனால் கபில நிறமாகி மெல்லப் படியும். வீழ்படிவு உடனே வந்ததா, நேரம் கழித்து மேற்பரப்பிலிருந்து கபிலமானதா என்று பார்த்தால் அது இரும்பா மங்கனீசா என்று ஊகிக்கலாம். வீழ்ந்தவுடனேயே வடித்துவிட்டால் இந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்காது.