அடக்கி வைத்து அவிழ்த்துவிடு

ராக் பாடலின் தொடக்க ரிஃப்புக்குப் பவர் கார்ட் போதும்: ஆதார சுரமும் அதன் பஞ்சமமும். காந்தாரம் சேர்ந்தால் டிஸ்டார்ஷனில் ஒலி குழம்பும்.

எட்டுத் தட்டுகளை எண்ணுங்கள். முதல் ஆறில், உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜை ஒட்டிக் கம்பிமேல் லேசாக வைத்து, தடித்த ஈ கம்பியைக் கீழ்நோக்கியே மீட்டுங்கள். ஏழில் கையை எடுத்து ஜி5, எட்டில் ஏ5. ஜி5-க்கு ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட், ஐந்தாம் கம்பியில் ஐந்தாம் ஃபிரெட். ஏ5-க்கு இதே பிடி இரண்டு ஃபிரெட் மேலே.

அடக்கிய ஆறால்தான் அந்த இரண்டும் வெடிக்கின்றன. சுரமே கேட்காமல் ‘டொக்’கென்றால் கை முன்னே போய்விட்டது, கம்பி நீண்டு ஒலித்தால் பின்னே நகர்ந்துவிட்டது. டிஸ்டார்ஷனைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல, குறைத்துப் பாருங்கள்.