ஊக்கக் கழிவுப் பட்டியைத் திருத்தி எழுதிய விதம்

நான் கணக்குப் பார்வையிடச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், துணி விற்பனையாளர் ஒருவர் தமக்கு ரூ. 14,400 வரவேண்டும் என வாதாடினார். சங்கம் அளித்த பட்டியோ, "இலக்கு எய்தப்பட்டது, தரவேண்டியது ரூ. 5,400" என ஒரே வரியில் முடிந்திருந்தது.

ஒப்பந்தப்படி ஆண்டு விற்பனையில் முதல் 2 லட்சத்திற்கு 1 சதவிகிதமும், அடுத்த 2 லட்சத்திற்கு 2 சதவிகிதமும், அதற்கு மேற்பட்டதற்கு 3 சதவிகிதமும் கழிவு. விற்பனையாளர் மேற்படியின் விகிதத்தை முழுத் தொகைக்கும் கணக்கிட்டுவிட்டார். பட்டியில் படிகளே காட்டப்படாதபோது அவரைக் குறை கூறுவானேன்?

எனவே பட்டியைத் திருத்தி எழுதினோம். விற்பனை ரூ. 5,00,000; திரும்பிய சரக்கு ரூ. 20,000, நிகரம் ரூ. 4,80,000. இந்த நிகரத்தையே இலக்கான ரூ. 4,50,000உடன் ஒப்பிடவேண்டும். இலக்கு தவறினால் கழிவே கிடையாதாகையால், திரும்பிய சரக்கைக் கழிக்காமல் ஒப்பிடுவது தகாது.

பின்னர் படிக்கு ஒரு வரி: 2,00,000க்கு 2,000, அடுத்த 2,00,000க்கு 4,000, எஞ்சிய 80,000க்கு 2,400. இடப்பக்கத் தொகைகளைக் கூட்டினால் நிகரமாகிய 4,80,000 வரவேண்டும். வராவிடில் ஏதோ ஒரு படியில் பிழை உள்ளது. வலப்பக்கக் கூட்டு ரூ. 8,400. முன்பே கொடுத்த ரூ. 3,000 போக, தரவேண்டியது ரூ. 5,400.

விற்பனையாளர் தாமே கூட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் மார்ச்சு இறுதியில் அனுப்பி ஏப்ரலில் வந்து சேர்ந்த சரக்கு எவ்வாண்டைச் சேர்ந்தது என்று கேட்டார். ஒப்பந்தத்தில் அதற்கு விடையில்லை. சங்கம் இப்போது அதனைத் திருத்திவருகிறது.